மதியம் வரை மெத்தென்று

எங்கள் மெஸ்ஸில் காலை ஆறரைக்குச் சுடும் சப்பாத்தியை மதியம் ஒரு மணிக்குத்தான் பிரித்துச் சாப்பிடுகிறார்கள். கல்லிலிருந்து எடுத்த நிமிஷம் எந்தச் சப்பாத்தியும் மெத்தென்றுதான் இருக்கும். ஒரு மணிக்கு எப்படி இருக்கிறது என்பதுதான் எனக்குக் கணக்கு.

ஆறினால் விறைக்க இரண்டு காரணங்கள். ஈரம் காய்ந்துபோவது ஒன்று. சூட்டில் தண்ணீரைக் குடித்து உப்பிய ஸ்டார்ச், ஆற ஆற மறுபடி இறுகுவது இன்னொன்று. ஃப்ரிட்ஜில் வைத்தால் இந்த இறுக்கம் இன்னும் சீக்கிரம் வரும். முந்தின நாள் சப்பாத்தியைச் சூடாக்கினால் இளகுகிறதே, அது இந்த இறுக்கம் தளர்வதால்தான். ஆனால் போன ஈரம் சூடாக்குவதால் திரும்பாது. ஆகவே என் கவனமெல்லாம் தண்ணீர்மேல்தான்.

மில்லில் அரைத்த கோதுமை மாவு அரைக் கிலோவுக்கு 350 மில்லி வரை தண்ணீர் பிடிக்கும். முதலில் 300 ஊற்றிப் பிசைந்துவிட்டு, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பேன். மாவு கையில் ஒட்டும். ஒட்டுகிறதே என்று உலர்ந்த மாவைச் சேர்ப்பவர்களின் சப்பாத்திதான் மதியம் வறட்டியாகிறது. தவிடு தண்ணீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடி வைத்தால், ஒட்டிய அதே மாவு தானாகக் கையை விடும். ஒரு துணுக்கைக் கிள்ளி இழுத்துப் பார்ப்பேன். வெடுக்கென்று அறுந்தால் இன்னும் ஊற வேண்டும். ஜவ்வாக நீண்டால் தேய்க்கலாம். ஊறாத மாவு தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும். அதோடு மல்லுக்கட்டும்போது தொட்டுக்கொள்ளும் மாவு கூடும், அது கல்லில் கருகி ஈரத்தையும் உறிஞ்சும்.

தண்ணீர் விரல் பொறுக்கும் சூட்டில் இருந்தால் தவிடு சீக்கிரம் ஊறும், மாவும் இளகிக் கொடுக்கும். கொதிக்கிற தண்ணீர் வேறு வேலை செய்யும். ஸ்டார்ச் அப்போதே வெந்து நிறையத் தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால் சப்பாத்தி ரொம்ப மிருதுவாக வரும். ஆனால் மாவின் இழுவை போய்விடும். தேய்க்கையில் பிய்யும், சரியாக உப்பாது. தினமும் நிறையச் சுடுகிற இடத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீரே போதும் என்பது என் முடிவு.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் கல் காயாவிட்டால் வீண். சூடு குறைந்த கல்லில் சப்பாத்தி வேகுமுன் காய்கிறது. புள்ளி விழ நேரமாகும், அதற்குள் அப்பளம்போல் ஆகிவிடும். கல்லில் தெளித்த நீர்த்துளி உருண்டு ஓடி மறைய வேண்டும். முதல் பக்கம் நிறம் மாறிச் சின்னக் கொப்புளம் எழுந்ததும் திருப்புவேன். இரண்டாம் பக்கம் புள்ளி விழும்வரை விட்டு, மறுபடி திருப்பித் துணியால் ஓரத்தை அழுத்தினால் பூரியாக எழும்பும். உள்ளே அடைபட்ட ஆவியே மீதியை வேகவைத்துவிடும். மொத்தம் ஒன்றரை நிமிஷத்துக்குமேல் ஒரு சப்பாத்தி கல்லில் கிடந்தால் தீயைக் கூட்டுவேன்.

சுட்டதும் எண்ணெய் தொட்டு, பருத்தித் துணி விரித்த ஹாட்பாக்ஸில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறேன். துணி இல்லாவிட்டால் மூடியில் கோர்த்த நீர் சொட்டி மேலே இருப்பது சொதசொதவென்று ஆகிவிடும்.