அருவித் தண்ணி காதுல போயிருக்கும்னு நெனச்சேன்

போன ஆடி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. ஊருக்கு வந்திருந்த தங்கச்சி குடும்பத்தோட ஐந்தருவிக்குப் போய் ஆசை தீரக் குளிச்சிட்டு வந்தோம். சாரலும் காத்துமா இருந்தது. ராத்திரி நல்லா சாப்பிட்டுப் படுத்தேன்.

திங்கக்கிழமை காலையில கார் நெல்லுக்கு மடை திறந்துவிடக் கிளம்பினேன். களத்துல நிக்கும்போது போன் வந்தது. வழக்கம்போல இடது காதுல வச்சேன். பேச்சே இல்லை. போன்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு வலது காதுக்கு மாத்தினா, உர வண்டிக்காரர் கத்திக்கிட்டு இருக்கார். இடது காதை யாரோ பஞ்சு வச்சு அடைச்ச மாதிரி இருந்தது. உள்ளே பம்புசெட் தூரத்துல ஓடுற மாதிரி ஒரு இரைச்சல். வலி இல்லை, சீழ் இல்லை, காய்ச்சலும் இல்லை.

வீட்டுல சொன்னேன். "நேத்து அருவியில தலையைக் கொண்டு காட்டுனீயளே, தண்ணி போயிருக்கும்"னு சொன்னா. எனக்கும் அதுதான் சரின்னு பட்டுது. அன்னைக்குப் பூண்டு தட்டிப் போட்ட நல்லெண்ணெய். செவ்வாய்க்கிழமை மெடிக்கல்ல கேட்டு வாங்கின சொட்டு மருந்து. புதன்கிழமை ஒரு டாக்டர்கிட்ட காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துட்டு, "சளி அடைப்பு, ஒரு வாரத்துல சரியாயிடும்"னு மாத்திரை கொடுத்தார். ஒரு காதுதானே, அடுத்த காது நல்லா இருக்கே, களை எடுக்க ஆள் வேற வந்திருக்குன்னு நானும் விட்டுட்டேன். நான் பண்ணின தப்பு அதுதான்.

வியாழக்கிழமை ராத்திரி மச்சினன் மக போன் பண்ணினா. காது கேட்பு சோதனை பண்ற படிப்பு படிக்கிறா. நான் "எந்தப் பக்கம் பேசுறன்னே தெரியல தாயி"ன்னு சிரிச்சேன். அவ சிரிக்கல.

"மாமா, வாயை மூடிக்கிட்டு ம்ம்ம்னு முனங்குங்க. சத்தம் எந்தக் காதுல கேக்கு?"

முனங்கினேன். "நல்ல காதுலதான்."

"அப்போ அது தண்ணியும் இல்ல, அழுக்கும் இல்ல. நாளைக்கு காலையில காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க. நாத்து நடவு இருந்தாலும் போங்க."

இதை நீங்களும் இப்பவே செஞ்சு பாக்கலாம். ஒரு காதை விரலால அடைச்சுக்கிட்டு முனங்குங்க. சத்தம் அடைச்ச காதுக்குள்ளேதான் பெருசா கேக்கும். அழுக்கோ, தண்ணியோ, சளியோ அடைச்சிருந்தா இப்படித்தான், கெட்ட காதுப் பக்கமே சத்தம் போகும். அதுக்கு மாறா நல்ல காதுப் பக்கம் போனா, கோளாறு வாசல்ல இல்லை, உள்காதுல, நரம்புப் பக்கம்னு அர்த்தம். டாக்டர் இதையே ஒரு இரும்புக் கவையைத் தட்டி நெத்தியில வச்சுப் பாப்பாங்க. நம்ம முனகல் ஒரு துப்புதான், முடிவு இல்லை.

வெள்ளிக்கிழமை தென்காசிக்குப் போனேன். டாக்டரம்மா காதுக்குள்ள பாத்தாங்க. அழுக்கு இல்லை, சவ்வு சுத்தமா இருந்தது. "பாக்க நல்லா இருக்கிற காது கேக்கலன்னாதான் பயப்படணும்"னு சொல்லி, கேட்பு சோதனை எடுக்க அனுப்பினாங்க. வலது காது 20 டெசிபல் சத்தத்துக்கே பதில் சொல்லுது. இடது காதுக்கு 70 வேண்டியிருக்கு. பக்கத்துல நின்னு சத்தமாப் பேசினாத்தான் லேசா காதுல விழும்.

"மூணு நாளைக்குள்ள இப்படி திடீர்னு கேக்காமப் போறதை மாரடைப்பு மாதிரிதான் எடுத்துக்கணும்"னாங்க. உள்காதுல நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள் இருக்கு. அதுக்குள்ள இருக்கிற நுண்ணிய முடி செல்கள்தான் சத்தத்தை நரம்புக்குக் கொடுக்குது. அங்க ரத்தம் போறது ஒரே ஒரு மெல்லிய குழாய் வழியா. நம்ம கடைமடை வயல் மாதிரி, ஒரு வாய்க்கால் அடைச்சா வேற வழி கிடையாது. வைரஸா, ரத்த ஓட்டக் குறைவான்னு முக்காவாசிப் பேருக்குக் காரணமே பிடிபடாதாம். இந்திப் பாடகி அல்கா யாக்னிக் விமானத்தை விட்டு இறங்கினதும் காது கேக்காமப் போனதா 2024 ஜூன்ல எழுதினாங்களே, அதையும் வைரஸ் தாக்கின நரம்புக் கோளாறுன்னுதான் டாக்டர்கள் சொன்னாங்க. அருவிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை.

மருந்து ஸ்டீராய்டு. என் எடை 61 கிலோ. கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் கணக்கு, ஆனா 60-க்கு மேல போறதில்லை. அதனால பிரெட்னிசோலோன் 60 மில்லிகிராம், காலையில சாப்பிட்ட பிறகு ஒரே வேளையா, பத்து நாள். அப்புறம் படிப்படியா குறைச்சு நிறுத்தணும். இந்தக் கணக்கைப் பாத்துட்டு யாரும் கடையில வாங்கிப் போட்டுராதீங்க. எனக்கு லேசா சர்க்கரை உண்டு. மூணாம் நாளே 300-ஐத் தாண்டிருச்சு, பத்து நாளும் இன்சுலின் போட்டுத்தான் சமாளிச்சேன். சர்க்கரை கட்டுல இல்லாதவங்களுக்கு காது சவ்வு வழியா மருந்தை நேரா உள்ளே ஊசி போடுற வழி இருக்கு. மாத்திரைக்குக் கேக்காதவங்களுக்கும் அதேதான், ஆறு வாரம் வரைக்கும் போட்டுப் பாக்கலாமாம்.

"முதல் ரெண்டு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் பலன் அதிகம். அதுலயும் முதல் சில நாள் இன்னும் நல்லது"ன்னாங்க. மருந்து இல்லாமலேயே தானா திரும்புறவங்களும் நிறைய உண்டு, மருந்து எடுத்தும் திரும்பாதவங்களும் உண்டுன்னு அவங்க மறைக்கல. யாருக்குத் தானா வரும்னு முன்கூட்டித் தெரியாது, நாள் போனா வாய்ப்பு போயிரும், அதனாலதான் அவசரம். கேட்பு நரம்புல கட்டி ஏதும் இருக்கான்னு திருநெல்வேலியில ஸ்கேன் எடுத்தாங்க. அப்படி இருக்கிறது அபூர்வம்தான். எனக்கு இல்லை.

ஆறாம் நாள் அடைப்பு லேசா விட்டது. ரெண்டு வாரத்துல 70 டெசிபல் 45-க்கு வந்தது, ரெண்டு மாசத்துல 35. அதோட நின்னுருச்சு. பம்புசெட் சத்தம், பேச்சு எல்லாம் கேக்கு. கீச்சுக்குரல் மட்டும் இன்னும் சரியா வரல. இரைச்சலும் ராத்திரியில இருக்கு. எண்ணெயிலயும் சொட்டு மருந்துலயும் போன அந்த நாலு நாள் கையில இருந்திருந்தா மிச்சமும் வந்திருக்குமான்னு கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்"னு சொன்னாங்க. அந்த பதில்தான் உறுத்துது.

ஒரு காதுதானேன்னு அன்னைக்கு நெனச்சேன். நம்ம வடகரைக்காரங்களுக்கு ஒரு காது போனா என்னன்னு புரட்டாசியில தெரிஞ்சது. மலையடிவாரத் தோப்புல ராக்காவலுக்குப் போயிருந்தேன். தென்னை மட்டை முறியுற சத்தம் கேட்டது. ஆனை இறங்கிருச்சு, சந்தேகமே இல்லை. ஆனா எந்தப் பக்கம்னு தெரியல. சத்தம் வர்ற திசையை ரெண்டு காதுக்கும் உள்ள வித்தியாசத்தை வச்சுத்தான் மூளை கண்டுபிடிக்குது. எனக்கு எல்லாமே வலது பக்கம் கேட்டது. நான் வலது பக்கம் டார்ச் அடிச்சேன்.

"அண்ணாச்சி, இங்கிட்டு!"ன்னு பக்கத்துத் தோப்புத் தம்பி என் சட்டையைப் பிடிச்சு இழுத்தான். இடது பக்கம் முப்பதடி தூரத்துல நின்னது.

இப்போ நான் தனியா காவலுக்குப் போறதில்லை. போனாலும் அந்தத் தம்பியை என் இடது பக்கம் நிறுத்திக்கிடுதேன்.