டச்பேடில் கோளாறு இல்லை, பேட்டரி உப்பியிருக்கிறது



போன வாரம் என் அக்காள் பேரன் லேப்டாப்பை நீட்டினான். "தாத்தா, டச்பேட் கிளிக் ஆக மாட்டேங்குது. புதுசு மாத்தணுமாம்" என்றான். வாங்கி மூடி மேசைமேல் வைத்தேன். சமமாக உட்காராமல் ஆடியது. மூடியின் முன்பக்கத்திலும் இடைவெளி. பல லேப்டாப்களில் டச்பேடுக்கு நேர் கீழேதான் பேட்டரி இருக்கும். அது பூரி மாதிரி உப்பி, அடியிலிருந்து டச்பேடைத் தள்ளிக்கொண்டிருந்தது. டச்பேடுக்குக் காசு கட்டியிருந்தால் தண்டச் செலவு!

ஏன் உப்புகிறது? உள்ளே இருப்பவை மெல்லிய அலுமினியப் பையில் காற்றுப் புகாமல் அடைத்த செல்கள். அவற்றில் உள்ள கரிமத் திரவம், முழு சார்ஜும் சூடும் சேரும்போது மெல்ல மெல்லச் சிதைந்து கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுக்களாக மாறும். வெளியேற வழியில்லாததால் பை வீங்குகிறது. "நூறுக்கு மேல் சார்ஜ் ஏறிவிடுமா?" என்று கேட்பீர்கள். ஏறாது, நூறு ஆனதும் நின்றுவிடும். ஆனால் மாதக்கணக்கில் நூறிலேயே, அதுவும் சூட்டில் இருப்பதுதான் கெடுதல். இவன் இரண்டு வருடமாக ராப்பகலாக சார்ஜரில் போட்டு, மெத்தைமேல் வைத்து வேலை பார்த்திருக்கிறான். காற்றுத் துளைகள் மெத்தையில் அடைபட்டால் சூடு எங்கே போகும்?

உடனே ஷட் டவுன் செய்து சார்ஜரைக் கழற்றச் சொன்னேன். அவன் மூடியை அழுத்தி மூடப் பார்த்தான், தடுத்தேன். ஊசியால் குத்திக் காற்றை இறக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். செல்லுக்குள் நேர்முனைத் தகடும் எதிர்முனைத் தகடும் முடியைவிட மெல்லிய ஒரு படலத்தால்தான் பிரிந்திருக்கின்றன. ஊசி இரண்டையும் இணைத்துவிட்டால் ஷார்ட் சர்க்யூட் ஆகி, அந்தச் சூட்டில் திரவம் தீப்பற்றும். பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்புவதும் அதே ஆபத்துதான்.

கடைக்குக் கொண்டுபோகும் வரை வெயில் படாத இடத்தில், வெறும் சிமெண்ட் தரையில், திரைச்சீலை, காகிதம், மெத்தை எதுவும் அருகில் இல்லாமல் வைத்தோம். தானாகச் சூடேறினாலோ, 'உஸ்' என்ற சத்தமோ தித்திப்பான மருந்து வாடையோ வந்தாலோ, பொருளை எடுக்கப் போகாமல் வீட்டாரோடு வெளியேறி 101-ஐ அழையுங்கள்.

கடையில் திறந்தபோது மூன்று செல்களில் இரண்டு வீங்கியிருந்தன. பழைய பேட்டரியில் அச்சிட்டிருந்த எண்ணைப் பார்த்து அதே எண்ணில் புதியது போட்டார்கள். பழையதை மின்கழிவில் சேர்க்கச் சொல்லி அங்கேயே விட்டுவந்தோம். குப்பைத் தொட்டிக்கு அது போகக் கூடாது. நசுங்கினால் குப்பை வண்டியே எரியும். இப்போது அவன் லேப்டாப்பில் சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கும்படி அமைத்திருக்கிறோம். உங்களுடையதிலும் அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. ஊருக்கு வரும்போது மலிவாக மாற்றிக்கொள்ளலாம் என்று உப்பிய பேட்டரியோடு கிளம்பாதீர்கள். பழுதான லித்தியம் பேட்டரியை விமானத்தில் கொண்டுவர அனுமதி கிடையாது. கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. அங்கேயே மாற்றிவிட்டு வாருங்கள்.