பனையோலைப் பெட்டிக்கு ஒரு கணக்குச் சீட்டு

தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருவர் முடைந்த மூடிப் பெட்டிகள் 24-ம் கூடைகள் 16-ம் சென்னையில் எங்கள் கைவினைக் கடையில் இருந்தன. விற்றால் பணம், விற்காவிட்டால் பொருள் திரும்பும் என்பது ஏற்பாடு. பெட்டி 350 ரூபாய், கூடை 220. கடைக்கு 30 சதவீதக் கமிஷன். மாதக் கடைசியில் போகும் கணக்குச் சீட்டைத் திருத்தி எழுதும் வேலை என்னிடம் வந்தது.

பழைய சீட்டின்படி அந்த மாதம் 15 பெட்டி, 9 கூடை விற்று, மொத்தம் 7,230 ரூபாய். கமிஷன் 2,169 போக, "ரிட்டர்ன் 350" என்று கழித்து, 4,711 தரவேண்டும் என்றிருந்தது. கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. ஆனாலும் அவருக்கு 105 ரூபாய் குறைகிறது.

அந்த 350, போன மாதம் விற்று இந்த மாதம் வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்த ஒரு பெட்டியின் விலை. அது விற்றபோதே கடை 105 ரூபாய் கமிஷன் எடுத்துவிட்டது. அவர் கைக்குப் போனது 245 மட்டும். விற்பனை ரத்தானால் கமிஷனும் ரத்தாக வேண்டும். அதனால் கழிவின் இடத்தை மாற்றினேன். மொத்த விற்பனையிலிருந்து முதலில் 350 போய் 6,880; அதற்குத்தான் 30 சதவீதம், 2,064. மீதி 4,816. திரும்பி வரும் பொருளைக் கமிஷனுக்கு மேல்வரிசையில் எழுத வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது, அவருக்கே அனுப்புவதற்காக ஒதுக்கிய நான்கு பெட்டிகள். "டேமேஜ் 4" என்று மட்டும் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். இரண்டில் மூடி தளர்ந்திருந்தது. அது முடைந்தவர் சரிசெய்யக்கூடியது. மற்ற இரண்டில் ஒரு பக்கம் மட்டும் சாயம் வெளுத்திருந்தது. ஜன்னலோரம் வெயில் படும்படி வைத்தால் சாய ஓலை அப்படித்தான் ஆகும். ஒரே பக்கம் வெளுத்தால் கடை வைத்த இடம்தான் காரணம். சாயம் சரியில்லை என்றால் எல்லாப் பக்கமும் மங்கியிருக்கும். அந்த இரண்டையும் கடையே வாங்கியதாக எழுதி, அவர் பங்கு 490-ஐச் சேர்த்தேன். ஆக 5,306.

தொலைபேசியில் அவர் எப்போதும் முதலில் கேட்பது பணத்தை அல்ல: "எம் பெட்டி இன்னும் எத்தன கடையில கெடக்கு, அக்கா?" அது தெரிந்தால்தான் அடுத்து எத்தனை முடைவது, எவ்வளவு ஓலை வாங்குவது என்று தீர்மானிக்க முடியும். பழைய சீட்டில் அதற்கு இடமே இல்லை. இப்போது இப்படி எழுதுகிறேன்: இருந்தது 24, வாடிக்கையாளரிடமிருந்து வந்தது 1, விற்றது 15, உங்களுக்கு அனுப்புவது 2, கடை வாங்கியது 2, கடையில் இருப்பது 6. கூடைக்கும் அதேபோல் ஒரு வரி. இந்த எண்ணிக்கையைச் சீட்டு போகும் முன் அலமாரியில் எண்ணிப் பார்த்துவிடுகிறேன். கணக்குக்கும் அலமாரிக்கும் ஒரு பெட்டி வித்தியாசம் வந்தாலும் சீட்டு அன்று போகாது.

தள்ளுபடியில் விற்ற பொருளுக்கு இன்னும் தீர்வு இல்லை. பண்டிகைக்காகக் கடை குறைத்த விலையில் அவர் பங்கும் குறையலாமா என்பதைச் சீட்டால் முடிவுசெய்ய முடியாது. பொருளை வாங்கி வைக்கும் அன்றே பேசி எழுதிக்கொள்ள வேண்டும்.