ஆய்வேட்டுக்கு மூன்று பெட்டிகள்

இறுதியாண்டு ஆய்வேடு எழுத ஓராண்டு ஆகிறது. அதைப் பல்கலைக்கழகத்தின் மின்களஞ்சியத்தில் பதிவேற்ற அரை மணி நேரம் போதும். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் நிரப்பும் மூன்று பெட்டிகள்தான் பின்னால் யார் அதைக் கண்டுபிடிப்பார்கள் என்பதை முடிவு செய்கின்றன: தலைப்பு, திறவுச்சொற்கள், ஆய்வுச்சுருக்கம். பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் இந்தப் பதிவுகளைச் சரிபார்ப்பது என் வேலை.

சுவா சூ காங்கில் எங்கள் புளோக்கிலேயே இருக்கும் ஒரு பெண் சென்ற மாதம் தன் ஆய்வேட்டோடு வீட்டுக்கு வந்தாள். “ஆண்ட்டி, எல்லாம் முடிஞ்சிருச்சு. அப்லோட் மட்டும்தான் பாக்கி. ஒரு தடவ பார்த்துச் சொல்லுங்களேன்” என்றாள். நம் வட்டாரத்து வீவக புளோக்குகளின் கீழ்த்தளத்தில் இருக்கும் ஆறு மளிகைக் கடைகளைப் பற்றி அவள் தமிழிலேயே எழுதியிருந்தாள். கடைக்காரர்கள் கடன் கணக்கை நோட்டில் எழுதும் முறைதான் ஆய்வின் மையம். நான் ஆய்வேட்டைத் திறக்கவில்லை. அந்த மூன்று பெட்டிகளை மட்டும் பார்த்தேன்.

தலைப்பு, “நோட்டுக்குள் ஓர் உறவு”. அழகான தலைப்புதான். ஆனால் மளிகைக் கடை பற்றித் தேடுகிறவருக்கு இது கிடைக்காது. நோட்டு என்று தேடுகிறவருக்கு இது வந்தாலும், பண நோட்டு பற்றிய கட்டுரைகளோடு சேர்ந்துதான் வரும். “இதை விட்டுட மனசு வரல ஆண்ட்டி” என்றாள். விட வேண்டியதில்லை. முக்காற்புள்ளி போட்டு, எது, எங்கே என்பதைச் சொன்னால் போதும்: “நோட்டுக்குள் ஓர் உறவு: சுவா சூ காங் மளிகைக் கடைகளில் கடன் கணக்கு”. பெட்டியில் எழுதும் தலைப்பும் பிடிஎஃப் கோப்பின் முதல் பக்கத்துத் தலைப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும் என்றும் சொன்னேன். இரண்டும் வேறுபட்டால், இணையத் தேடுபொறிகளில் ஒரே ஆய்வேடு இரண்டு பெயரில் அலையக்கூடும்.

அடுத்து திறவுச்சொற்கள். இங்கேதான் தமிழ் ஆய்வேடுகள் அதிகம் தடுமாறுகின்றன. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் களஞ்சியமும், இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்காவும் டிஸ்பேஸ் என்ற மென்பொருளில் இயங்குகின்றன. 2002ஆம் ஆண்டில் வெளிவந்த மென்பொருள் அது. அதில் தலைப்பு `dc.title` என்றும், திறவுச்சொல் `dc.subject` என்றும், சுருக்கம் `dc.description.abstract` என்றும் பதிவாகும். `dc` என்பது ‘டப்ளின் கோர்’. பலர் நினைப்பதுபோல் இது அயர்லாந்துத் தலைநகர் அல்ல. 1995ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள டப்ளின் நகரில் நடந்த பட்டறையிலிருந்து வந்த பெயர்.

இப்படிப்பட்ட தளங்களின் தேடல், ஆங்கிலச் சொல்லின் வாலை வெட்டிவிட்டுப் பார்க்கும். ‘ஷாப்ஸ்’ என்று எழுதியிருந்தாலும் ‘ஷாப்’ என்று தேடினால் கிடைக்கும். தமிழ்ச் சொல்லுக்கு அந்த வசதி பெரும்பாலும் இருப்பதில்லை. நம் மொழியிலோ ஒரே சொல் கடை, கடைகள், கடைகளில், கடைக்காரர் என்று மாறிக்கொண்டே போகும். தலைப்பில் ‘கடைகளில்’ என்று இருக்கிறது. ‘கடை’ என்று தேடுகிறவருக்கு அது அகப்படாமல் போகலாம். அதனால் திறவுச்சொல்லில் வேற்றுமை உருபு இல்லாத வேர்ச்சொல்லையே எழுத வேண்டும். ‘மளிகைக் கடை’ என்று பிரித்து ஒன்று, ‘மளிகைக்கடை’ என்று சேர்த்து ஒன்று. கணினிக்கு இவை இரண்டும் வெவ்வேறு சொற்கள்.

ஊர்ப்பெயருக்கும் இதே கவனம் வேண்டும். நம் எம்ஆர்டி நிலையத்தின் பெயர்ப்பலகையில் `Choa Chu Kang` என்று இருக்கும். தொகுதிக்கும் நகர மன்றத்துக்கும் `Chua Chu Kang`. ஒரே ஓர் எழுத்துதான் வேறு. ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றது வராது. இரண்டையும் எழுதச் சொன்னேன். தமிழில் சுவா சூ காங் என்பது தலைப்பிலேயே இருக்கிறது.

அவள் எட்டுச் சொற்களையும் காற்புள்ளி போட்டு ஒரே கட்டத்தில் எழுதியிருந்தாள். பல களஞ்சியங்களில் அது எட்டுச் சொல்லாக ஆகாது. ஒரு நீளமான சொல்லாகவே பதிவாகும். ஒவ்வொரு சொல்லுக்கும் தனிக் கட்டம் சேர்க்க வேண்டும். சரியாகப் பதிந்திருக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. பதிவுப் பக்கத்தில் ஒரு திறவுச்சொல்லைச் சொடுக்கிப் பாருங்கள். அந்த ஒரு சொல் மட்டும் இணைப்பாக இருந்தால் சரி. வரி முழுவதும் ஒரே இணைப்பாக இருந்தால் பிரித்து எழுத வேண்டும்.

மூன்றாவது, ஆய்வுச்சுருக்கம். அவளுடையது இப்படித் தொடங்கியது: “சிங்கப்பூரின் வளர்ச்சியில் சில்லறை வணிகத்தின் பங்கு முக்கியமானது. இவ்வாய்வு மளிகைக் கடைகளின் கடன் முறையை ஆராய்கிறது.” இப்படியே ஒரு பக்கம் ஓடியது. என்ன கண்டுபிடித்தாள் என்பது எங்கும் இல்லை.

“சரி, நீ என்னதான் கண்டுபிடிச்சே? எனக்குச் சொல்லு” என்றேன்.

“கடைக்காரங்க பேரை எழுத மாட்டாங்க ஆண்ட்டி. வீட்டு எண்ணைத்தான் எழுதுவாங்க. ஒரு குடும்பம் வீடு மாறிப் போயிட்டா, அந்தக் கணக்கு என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது. அங்கதான் கடன் வராம போகுது.”

“இதைத்தானே முதல்ல எழுதணும்?”

அவள் சொன்னதையே நான்கு வரியாக அமைத்தோம். கேள்வி என்ன: புளோக்கு மளிகைக் கடைகளில் கடன் எப்படிப் பதிவாகிறது. என்ன செய்தாள்: ஆறு கடைக்காரர்களிடம் பேசி, அவர்கள் அனுமதித்த நோட்டுகளைப் பார்த்தாள். என்ன தெரிந்தது: கணக்கு ஆளின் பெயரில் இல்லை, வீட்டு எண்ணில் இருக்கிறது. குடும்பம் இடம் மாறும்போது கடன் அறுந்து போகிறது. எல்லை என்ன: ஒரே வட்டாரம், ஆறே கடைகள். ஆகவே சிங்கப்பூர் முழுமைக்கும் இது பொருந்தும் என்று சொல்ல முடியாது. கடைசி வரியை எழுத அவளுக்குத் தயக்கம். ஆனால் படிக்கும் ஆய்வாளர் அந்த வரியைத்தான் நம்புவார்.

ஒரு கடையின் பெயரும் புளோக்கு எண்ணும் சுருக்கத்தில் இருந்தன. அவற்றை எடுக்கச் சொன்னேன். ஆய்வேட்டுக் கோப்பைச் சில ஆண்டுகள் பூட்டி வைக்க அனுமதி கிடைக்கலாம். ஆனால் கோப்பு பூட்டியிருந்தாலும் சுருக்கம் பொதுவாக எல்லாருக்கும் திறந்தே இருக்கும். நம்பிக் கணக்கைக் காட்டியவரின் கடை அங்கே தெரியக்கூடாது.

மிஞ்சியது ஒரே ஒரு சோதனை. பிடிஎஃப் கோப்பில் ஒரு வரியை நகலெடுத்து வேறு பக்கத்தில் ஒட்டிப் பார்த்தாள். தமிழ் தமிழாகவே வந்தது. பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால், ‘தமிழ்’ என்ற சொல் `jkpo;` என்று வந்திருக்கும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும், தேடலுக்கு மட்டும் தெரியாது. அப்படிப்பட்ட ஆய்வேடுகளில் இருநூறு பக்கம் இருந்தாலும், வெளியில் தெரிவது இந்த மூன்று பெட்டிகள் மட்டுமே.

அவள் வீட்டுக்குப் போய்ப் பெட்டிகளை மாற்றி எழுதினாள். மறுநாள் இரவு குறுஞ்செய்தி வந்தது: “ஆண்ட்டி, சுருக்கத்த அப்பா படிச்சாங்க. நான் ஒரு வருஷமா என்ன செஞ்சேன்னு இப்பத்தான் புரியுதாம்.”