வேலி அறுந்ததா, அறுக்கப்பட்டதா?

மண்டைதீவு கிழக்கில் கடற்படைத் தேவைக்கென்று தனியார் காணிகளை அளக்க வந்ததும், உரிமையாளர்கள் மறித்ததும், வந்தவர்கள் திரும்பிப் போனதும் கடந்த சில ஆண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை நடந்தவை. ஒவ்வொரு தடவையும் அதைப் பற்றி எழுதப்படும் வசனம் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் வந்து விழும். "காணி அளவீடு மேற்கொள்ளப்படவிருந்த நிலையில், மக்களால் எதிர்ப்புத் தெரிவிக்கப்பட்டதையடுத்து, அளவீட்டு நடவடிக்கை கைவிடப்பட்டது." பத்திரிகைக்காரரும் இப்படித்தான் எழுதுவார், சங்கத்துச் செயலாளரும் இப்படித்தான் எழுதுவார், கந்தோரில் கோப்பு வைப்பவரும் இப்படித்தான் எழுதுவார். பள்ளிக்கூடத்தில் செயப்பாட்டு வினை என்று படித்தது, பெரியவர்களானதும் 'அறிக்கைத் தமிழ்' என்ற பெயரில் எங்கள் கையில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்த வசனத்தில் மூன்று வினைகள். மூன்றும் 'படு' சேர்ந்தவை. ஆனால் 'ஆல்' ஒரே ஓரிடத்தில்தான் நிற்கிறது: 'மக்களால்'. அளக்க வந்தது யார் என்று இல்லை. அனுப்பியது யார் என்று இல்லை. கைவிட்டது யார் என்றும் இல்லை. ஐந்து வருடம் கழித்து இந்தக் கோப்பைத் திறக்கும் ஒருவருக்கு, அன்றைய தினம் மண்டைதீவில் ஏதோ செய்தவர்கள் என்று தெரியவருவது மக்கள் மட்டும்தான். அரச கருமத்துக்கு இடையூறு செய்தது யார் என்று தேடுபவருக்கு விடை தயாராக இருக்கும். எழுதியவர் மக்கள் பக்கம் நின்றே எழுதியிருப்பார். வசனம் அவர் பக்கம் நிற்கவில்லை.

'ஆல்' வைப்பதில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெருமை என்றால் வைப்போம், பொறுப்பு என்றால் விடுவோம். கட்டடத் திறப்புக் கல்வெட்டு எதையாவது பாருங்கள். 'கௌரவ அமைச்சர் அவர்களால் திறந்து வைக்கப்பட்டது' என்று பெயரும் பதவியும் பெரிய எழுத்தில் இருக்கும். அதே கட்டடம் இரண்டாம் மாரியில் ஒழுகினால், 'கூரை உரிய முறையில் அமைக்கப்படவில்லை' என்று கணக்காய்வில் வரும். இங்கே யாரால் என்பது மழையோடு போய்விடும். 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். நாட்டியவர் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க என்பதை எந்தச் செய்தியும் விடவில்லை. அது பெருமைக்குரிய 'ஆல்'.

அளவீட்டு வசனத்துக்குத் திரும்புவோம். அதைச் செய்வினையில் எழுத உட்கார்ந்தால் முதலில் நடப்பது, பேனா நின்றுவிடும். வந்தவர்கள் நில அளவைத் திணைக்களத்தவர் மட்டுமா, பிரதேச செயலகத்து உத்தியோகத்தர் கூட வந்தாரா, கிராம சேவையாளர் நின்றாரா? திரும்பிப் போனபோது 'இனி அளக்கமாட்டோம்' என்றார்களா, 'இன்றைக்கு அளக்கவில்லை' என்றார்களா? இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு காணியே போய்விடும். 'கைவிடப்பட்டது' என்று எழுதும்போது இந்தக் கேள்வி வராது. 'கைவிட்டார்' என்று எழுதப் போனால் யார், எந்த அதிகாரத்தில், என்ன சொல்லி என்று எழுந்து போய்க் கேட்டுவர வேண்டியிருக்கும். செய்வினையின் பெரிய உபயோகம் அதுதான் என்று நினைக்கிறேன். எழுதுகிறவரை விசாரிக்க வைக்கிறது.

கேட்டு வந்த பிறகு அறிக்கை இப்படி நடக்கும்: "நில அளவையாளர்கள் காலையில் கருவிகளோடு வந்தார்கள். எந்தத் தேவைக்கு அளக்கிறீர்கள் என்று உரிமையாளர்கள் கேட்டார்கள். கூட வந்த உத்தியோகத்தர் எழுத்தில் எதையும் காட்டவில்லை. உரிமையாளர்கள் படலையை மறித்து நின்றார்கள். வேறொரு திகதியில் வருவதாகச் சொல்லி அளவையாளர்கள் திரும்பினார்கள்." வசனங்கள் சிறுத்துவிட்டன, அழகும் கொஞ்சம் குறைந்துவிட்டது. ஆனால் மறிப்புக்கு முன்னால் ஒரு கேள்வி இருந்தது, அந்தக் கேள்விக்கு விடை வரவில்லை என்ற ஒழுங்கு இப்போது கோப்பில் இருக்கிறது.

காணி எடுத்தற் சட்டத்தையே இதற்கு உரைகல்லாக எடுக்கலாம். 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். அதன் 2ஆம் பிரிவு ஒரு மனிதரோடுதான் தொடங்குகிறது. பொதுத் தேவை ஒன்றுக்குக் காணி வேண்டும் என்று அமைச்சர் தீர்மானிக்கிறார், அறிவித்தல் ஒட்டும்படி அலுவலருக்குப் பணிக்கிறார். தீர்மானிப்பவர் வசனத்தின் வாசலிலேயே நிற்கிறார். வேலித்தூணுக்கு வந்து சேரும் மும்மொழி அறிவித்தலுக்கோ, இந்தக் காணி பொருத்தமானதா என்று ஆராய இன்னின்ன செயல்கள் 'செய்யப்படலாம்' என்று சொல்வது சட்டப்படி போதுமாயிருந்தது. அளப்பதும், மண்ணைத் துளைப்பதும், எல்லைக்கல் வைப்பதும், வேண்டுமானால் பற்றையும் வேலியும் வெட்டுவதும் அந்தச் 'செய்யப்படலாமு'க்குள் அடங்கும். பொதுத் தேவை என்றால் என்ன தேவை என்பதும் சொல்லாமலே விடப்பட்டு வந்தது. மனெல் பெர்னாண்டோ எதிர் டி. எம். ஜயரத்ன வழக்கில், 2000ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வந்த தீர்ப்பில், உயர் நீதிமன்றம் அதற்கு ஒரு கட்டுப் போட்டது. 2ஆம், 4ஆம் பிரிவு அறிவித்தல்களில் அந்தப் பொதுத் தேவை எதுவென்று வெளிப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் உரிமையாளர் எதை எதிர்த்து ஆட்சேபணை எழுதுவார்? 'தேவைப்படுகிறது' என்ற வினைக்கு, எதற்கு என்று கேட்கும் உரிமை உண்டு என்பதே அதன் சாரம்.

இவ்வளவும் சொன்னதால், செயப்பாட்டு வினையைக் கண்ட இடத்தில் வெட்டவேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆங்கிலத்தில் எழுதக் கற்பிக்கும் கையேடுகள் சில அப்படித்தான் சொல்கின்றன. அதை அப்படியே தமிழுக்கு ஏற்றினால் பொய் எழுத நேரும்.

ஒரு வேலியை எடுத்துக்கொள்வோம். உரிமையாளர் காணிக்குப் போகிறார். முள்ளுக்கம்பி நிலத்தில் கிடக்கிறது. 'அறுத்தார்கள்' என்று எழுதினால் கண்டதாக ஆகிவிடும். அவர் காணவில்லை. 'அறுந்திருந்தது' என்று எழுதினால் கம்பி தானே அறுந்ததாக ஆகும். உப்புக்காற்றில் அப்படியும் நடக்கும். கம்பியின் நுனியைப் பார்க்கவேண்டும். துரு தின்று அறுந்த கம்பி நுனிக்கு வரவர மெலிந்து, தொட்டால் உதிரும். குறட்டால் வெட்டிய கம்பி மொத்தம் குறையாமல் நிற்கும், வெட்டுமுகம் சப்பையாக இருக்கும், புதிய வெட்டென்றால் உள்ளே வெள்ளையாக மினுங்கும். நாலு நிரைக் கம்பியும் ஒரே தூணின் அருகே, ஒரே நேர்க்கோட்டில் அறுந்திருந்தால் துரு அவ்வளவு ஒழுங்காக வேலை செய்யாது. அப்போது 'அறுக்கப்பட்டிருந்தது' என்பதுதான் உண்மையான சொல். ஒரு கை செய்தது, யாருடைய கை என்று தெரியாது என்ற இரண்டையும் அது சேர்த்துச் சொல்கிறது. இங்கே செயப்பாட்டு வினை மறைக்கவில்லை, தனக்குத் தெரிந்த எல்லையில் நிற்கிறது.

செயப்படுபொருளையே செய்ததுபோல் சொல்வது வழக்கில் உண்டு என்று தொல்காப்பியமே ஒப்புக்கொள்கிறது. திண்ணை தானே மெழுகிக்கொண்டதுபோல் சொல்லும் பேச்சை உரைகாரர்கள் காட்டுவார்கள். திண்ணைக்கு அது பாதகமில்லை, மெழுகியது யார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அறிக்கையில் அந்த வழக்கு 'இடம்பெற்றது' என்ற உருவில் உலாவுகிறது. சுற்றிவளைப்பு இடம்பெற்றது, கைது இடம்பெற்றது, காணி அளவீடு இடம்பெற்றது. என் கணக்கில் இது செயப்பாட்டு வினையைவிட மோசம். 'கைது செய்யப்பட்டார்' என்றால் 'யாரால்?' என்று கேட்க இடமிருக்கிறது. 'யாரால் இடம்பெற்றது?' என்று தமிழில் கேட்கவே முடியாது.

1990 ஆகஸ்டில் படையினர் தீவுப்பகுதிக்குள் இறங்கிய நாட்களில் மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் மண்கும்பானிலும் பிடிபட்ட இளைஞர்கள் பலர் திரும்பி வரவில்லை. அதைச் சொல்லும் தாய்மார் செயப்பாட்டு வினையில் பேசுவதில்லை. "தம்பி, விடியப்புறம் வந்து பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்" என்பார்கள். எழுவாய் இல்லை, ஆனாலும் விகுதியில் ஆட்கள் நிற்கிறார்கள். 'போட்டினம்' என்று அயலவரைச் சொல்வதுபோல் சொல்லாமல் 'போட்டாங்கள்' என்றதிலேயே வந்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்றும் தெரிகிறது. அந்தப் பேச்சு படிவத்தில் ஏறும்போது 'காணாமல் போயுள்ளார்' ஆகிவிடும். போனவர் அவர், வினையும் அவருடையது. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அலுவலகமும் காணாமற்போன ஆட்களின் பெயரில்தான் இருக்கிறது. உறவினர்கள் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று பிடிவாதமாக எழுதுகிறார்கள். 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது, வலிந்து காணாமலாக்கப்படுதல் சட்டப்புத்தகத்துக்குள்ளும் வந்தது. இந்த இடத்தில் 'படு'தான் போராடி வாங்கியது. 'போன' என்பதிலிருந்து 'ஆக்கப்பட்ட' என்பதற்கு வந்தால்தான் 'யாரால்' என்ற கேள்விக்குக் கதிரை போட முடியும்.

இதனால் ஓர் அறிக்கை முழுவதையும் ஒரே பாட்டில் எழுதவேண்டியதில்லை. காணியைப் பற்றிய பந்தியில் காணிதான் எழுவாய். அது எந்த ஆண்டு உறுதியில் எழுதப்பட்டது, எப்போதிலிருந்து பயிரிடப்படவில்லை, கிணறு எப்போது தூர்க்கப்பட்டது என்று செயப்பாட்டு வினையில் போனால் வாசிப்பவர் கண் நிலத்தை விட்டு அலையாது. நொத்தாரிசின் பெயரும் கிணறு தூர்த்தவரின் பெயரும் ஒவ்வொரு வசனத்திலும் முந்திக்கொண்டு நின்றால் காணி காணாமல் போய்விடும். ஒரு தீர்மானமோ கட்டளையோ வரும் பந்தியில் ஆள் வரவேண்டும். அதை மேலே சொன்னேன்.

கடைசியாக ஒரு பந்தி உண்டு, சாட்சி சொன்னவர்களுடையது. இன்னும் அதே ஊரில், முகாமுக்கு அயலில் இருக்கிறவரின் பெயரை எழுவாயாக வைத்து, அவர் கண்டார், அவர் சொன்னார் என்று நாலு கந்தோருக்குப் பிரதி போகும் கடிதத்தில் எழுதக்கூடாது. 'நேரில் கண்ட ஒருவரால் தெரிவிக்கப்பட்டது, சாட்சி இல. 3' என்று எழுதி, இலக்கமும் பெயரும் உள்ள தாளை விசாரிக்கும் அதிகாரிக்குத் தனி உறையில் கொடுப்பதே முறை. பலமுள்ளவருக்காக ஆளை மறைப்பதற்கும் பலமில்லாதவருக்காக மறைப்பதற்கும் இலக்கணத்தில் வேறு வேறு விகுதி இல்லை. வேறுபாட்டைச் சொல்வது அந்தத் தனி உறைதான். 'கைவிடப்பட்டது' என்று எழுதியவரிடம் அப்படி ஓர் உறை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.