புண்ணின் நாட்காட்டி

விடுமுறைக் கடிதத்தை முதலில் எழுதியது திகன பஸ்ஸில். கண்டிக்குப் போகும் காலை பஸ்ஸில் இடம் கிடைத்தால் குண்டசாலை தாண்டுவதற்குள் ஒரு கடிதத்தை முடித்துவிடலாம். மகளுக்கு ஆறு வயது. தொண்டையில் இரண்டு பக்கமும் டான்சில் வீங்கி ஒன்றையொன்று தொடும் நிலை. மூக்கின் பின்பக்கத்தில் அடினாய்டும் வளர்ந்திருந்தது. இரவில் குறட்டை விடுவாள். திடீரென்று குறட்டை நின்றுவிடும், மூச்சும் நிற்கும். நான் எழுந்து உட்கார்ந்து எண்ணத் தொடங்குவேன். ஏழு, எட்டு என்று போகும்போது உடம்பை உதறிக்கொண்டு மூச்சை இழுப்பாள். கிளினிக்கில் பார்த்த டொக்டர் இரண்டையும் எடுத்துவிட வேண்டும் என்று சொல்லித் திகதியும் போட்டுக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை ஒப்பரேசன், திங்கள் காலையில் வாட்டில் சேர வேண்டும்.

நான் கண்டியில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். அறுபது பேருடைய சம்பளப் பட்டியல் என் கையில். ஒப்பரேசன் வந்து விழுந்ததோ சம்பள வாரத்தில். அதனால் கடிதத்தில் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள் கேட்டுவிட்டு, கடைசியில் பயத்தோடு ஒரு வரி சேர்த்தேன்: வாய்ப்புள்ள போதெல்லாம் வைத்தியசாலையிலிருந்தே மடிக்கணினியில் வேலை செய்வேன். சேர் அந்த வரியை வாசித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார் என்று எனக்கு நினைப்பு. அவர் சொன்னது இவ்வளவுதான்: "பிள்ளையைப் பாருங்க. சம்பளம் மட்டும் இருபத்தைந்தாம் திகதி தவறக் கூடாது."

பக்கத்து மேசைத் தங்கச்சி வேறு வழி சொன்னாள். "ஏன்க்கா கஷ்டப்படுறீங்க? உங்களுக்கு முதுகு வலின்னு ஒரு மெடிக்கல் எடுத்துக் குடுங்க." நம் ஊரில் இது புதிதல்ல. பிள்ளைக்கு வருத்தம் என்றால் பெற்றவர் நோயாளி ஆகிவிடுவார். பிள்ளையின் நோய்க்கென்று தனியாக லீவு இல்லாததுதான் காரணம். கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டு வந்தது. அதன்படி ஒரு முழு ஆண்டு வேலை செய்தவருக்கு 14 நாள் அனுவல் லீவும் 7 நாள் கெசுவல் லீவும் உண்டு. ஆனால் அந்தக் கெசுவல் லீவை எதற்கெல்லாம் எடுக்கலாம் என்பதைச் சட்டம் விரிவாகவே சொல்கிறது: சொந்த அலுவல், சுகவீனம், நியாயமான வேறு காரணம். பிள்ளையின் ஒப்பரேசன் இதற்குள் தாராளமாக அடங்கும். முதுகு வலியைக் கடன் வாங்கத் தேவையில்லை. அதோடு, பொய் மெடிக்கல் கொடுத்தவர் வைத்தியசாலையிலிருந்து வேலை செய்வதாக எப்படிச் சொல்வார்? அவர்தான் முதுகு வலியோடு வீட்டில் படுத்திருக்க வேண்டியவர் ஆயிற்றே.

திங்கட்கிழமை போனோம். பேராதனைப் பக்கத்து அரச வைத்தியசாலை. சிறுவர் வாட்டில் இரவில் தாய் மட்டும்தான் நிற்கலாம். என் கணவர் கொழும்பில் வேலை செய்கிறார். அவர் வந்திருந்தாலும் பார்வை நேரம் முடிந்ததும் வெளியே போக வேண்டியதுதான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. சுவரில் இருந்த பிளக்குகள் வாட்டுக் கருவிகளுக்கு உரியவை. இணைப்பு என் கைபேசியின் டேட்டாதான். வாய்ப்புள்ள போதெல்லாம் என்று நான் எழுதிய அந்த இடம் இப்படித்தான் இருந்தது.

செவ்வாய் காலை. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் வயிறு வெறுமையாக இருக்க வேண்டும். உணவென்றால் ஆறு மணி நேரம், வெறும் தண்ணீரென்றால் இரண்டு மணி நேரம். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விட்டால் ஆபத்து. இதெல்லாம் எனக்கு விளங்கியது. ஆறு வயதுக்காரிக்கு விளங்குமா? விடிந்ததிலிருந்து பாண் கேட்டு அழுதுகொண்டிருந்தாள். நான் ஒரு கையால் அவள் தலையைத் தடவி, மறு கையால் மேலதிக நேரத்தைப் பட்டியலில் ஏற்றிக்கொண்டிருந்தேன். முடித்துக் கூட்டிப் பார்த்தால் மொத்தம் சரியாக வந்தது. சரியாக வந்தால் போதுமா? ஒருவருடைய மணித்தியாலத்தை அடுத்தவர் வரியில் போட்டு, அங்கிருந்து பதினொரு பேருக்கு ஒவ்வொரு வரி கீழே இறங்கியிருந்தது. வரி மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது. அன்றைக்குக் கண்ணில் படவில்லை. அடுத்த நாள் அலுவலகத்தில் ஆட்களின் வரவேட்டோடு ஒப்பிட்டபோதுதான் பிடிபட்டது. வங்கிக்குப் போயிருந்தால் பதினொரு வீட்டில் கணக்குப் பிசகியிருக்கும்.

அன்று ஒப்பரேசனும் நடக்கவில்லை. மயக்க மருந்து டொக்டர் வந்து நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்தார். முந்தின இரவிலிருந்து மூக்கு ஒழுகியதை நான் அழுகையால் வந்தது என்று நினைத்திருந்தேன். தடிமன் இருக்கும்போது மூச்சுக்குழாய் எளிதில் எரிச்சலடையும், மயக்கத்தில் இறுகிக்கொள்ளக் கூடும், சில வாரம் கழித்துச் செய்வோம் என்றார். அவர் சொன்னது சரி. ஆனால் நான் இரண்டு நாள் லீவையும் ஒரு பட்டியலையும் கெடுத்துக்கொண்டு, முழு டான்சிலோடு பிள்ளையைத் திரும்பக் கூட்டிவந்தேன்.

அடுத்த கட்டிலில் ஒரு தாய் இருந்தாள். ஆடைத் தொழிற்சாலைக்காரி. என் மடிக்கணினியைப் பார்த்து, "உங்களுக்கு நல்லது, வேலை கூடவே வருது" என்றாள். அவளுடைய தையல் மெஷின் வாட்டுக்கு வராது. வராத நாளுக்குச் சம்பளம் இல்லை, அந்த மாத வரவுப் பணமும் போய்விடும் என்று சொல்லிவிட்டுப் பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றப் போனாள். வைத்தியசாலையிலிருந்து வேலை செய்கிறேன் என்று சொல்லக் கிடைப்பதே சிலருக்கு மட்டும்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுவீடனில் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு வருத்தம் என்றால் பெற்றவர் வீட்டில் நிற்கலாம், ஆண்டுக்கு 120 நாள் வரை அரசு ஈட்டுப்பணம் தரும். அங்கே தையல்காரிக்கும் கணக்குக்காரிக்கும் ஒரே விதி.

இரண்டாவது திகதி கிடைத்ததும், கடிதம் எழுதுவதற்கு முன் கிளினிக்கில் ஒரு கேள்வி கேட்டேன். முதல் தடவையே கேட்டிருக்க வேண்டியது: "ஒப்பரேசனுக்குப் பிறகு எந்த நாள் பயம்?" நான் தியேட்டருக்குள் போகும் நாளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். டொக்டர் விரல் விட்டு எண்ணினார். முதல் இருபத்துநாலு மணி நேரம் இரத்தம் கசியக் கூடும், அது வாட்டிலேயே கழிந்துவிடும். மூன்றாம் நாளிலிருந்து வலி குறையாது, கூடும், காதுக்கும் ஏறும். அப்போது சாப்பிட மறுப்பாள், மருந்தை நேரம் தவறாமல் கொடுத்துக் குடிக்கவும் சாப்பிடவும் வைக்க வேண்டும். தொண்டையில் வெள்ளையாகப் படியும், அது சீழ் இல்லை. அந்தப் படிவு ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் கழலும். இரத்தம் வந்தால் பெரும்பாலும் அப்போதுதான் வரும். நூற்றில் சில பிள்ளைகளுக்கே வரும். ஆனால் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது, நின்றுபோனாலும் கொண்டுவர வேண்டும். தூக்கத்தில் பிள்ளை அடிக்கடி விழுங்கினால் டோர்ச் அடித்துப் பாருங்கள் என்றார்.

நாட்காட்டியை எடுத்தேன். செவ்வாய் ஒப்பரேசன். ஐந்தாம் நாள் ஞாயிறு, பத்தாம் நாள் அடுத்த வெள்ளி. என் பழைய கடிதத்தின்படி வியாழனே நான் வேலைக்குப் போயிருப்பேன். பயமான நாள் முழுவதும் கண்டியில் இருந்திருப்பேன், பிள்ளை திகனயில் மாமியோடு இருந்திருப்பாள். லீவை வைத்தியசாலையின் நாளைப் பார்த்துக் கேட்டேன், புண்ணின் நாளைப் பார்க்கவில்லை.

இரண்டாவது கடிதம் நீளமானது. என்னிடம் மிச்சம் கெசுவல் இரண்டு, அனுவல் ஏழு. திங்கள், செவ்வாய் கெசுவல். புதன் முதல் வெள்ளி வரை அனுவல் மூன்று. இந்த ஐந்து நாளும் நான் வேலை செய்ய மாட்டேன் என்றே எழுதினேன். வைத்தியசாலையில் போனுக்கு மட்டும் பதில் சொல்வேன், கணக்கில் கை வைக்க மாட்டேன். இரண்டாம் வாரம் ஐந்து நாளும் வீட்டிலிருந்து வேலை: காலை எட்டரை முதல் பன்னிரண்டு வரை, பின்னேரம் இரண்டு முதல் ஐந்து வரை. என்னென்ன செய்வேன் என்றும் எழுதினேன்: வழங்குநர் பில் சரிபார்த்தல், ஈபிஎஃப் படிவம், வங்கிக் கணக்கு ஒப்பீடு. என்ன செய்ய முடியாது என்றும் எழுதினேன்: காசோலை, காசுப் பெட்டி. அவற்றைப் பார்க்கப் போகிறவரின் பெயரை, அவரிடம் கேட்டுவிட்டே போட்டேன். மிச்சம் நாலு அனுவலும் கையிருப்பு. கடைசியாக இரண்டு வரி: தடிமனால் திகதி தள்ளினால் அன்றே வந்து கையொப்பம் இடுவேன். வீடு திரும்பியதும் டயக்னோசிஸ் காட்டின் பிரதி தருவேன்.

சேர் இரண்டு தரம் வாசித்தார். "போன தரம் மூன்று நாள், இந்தத் தரம் இரண்டு வாரமா?" என்றார். பிறகு, செய்ய மாட்டேன் என்று எழுதிய பக்கத்தில் விரலை வைத்து, "இது நல்லது. எதை நான் எதிர்பார்க்கக் கூடாதுன்னு தெரியுது" என்றார். பதினொரு வரிப் பிழையை நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். அதை அவர் மறக்கவில்லை என்று அந்த விரலில் தெரிந்தது.

இந்தத் தடவை ஒப்பரேசன் நடந்தது, புதன் மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். வெள்ளியன்று காது வலி என்று சுருண்டு படுத்தாள். மருந்து போய் அரை மணி நேரத்தில் இடியாப்பத்தைப் பாலில் ஊறவைத்து ஊட்டினேன். ஏழாம் நாள், இரண்டாம் வாரச் செவ்வாய், காலை பதினொரு மணி. நான் வங்கிக் கணக்கு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் படுத்திருந்தவள் விழுங்கினாள், மறுபடி விழுங்கினாள், மறுபடியும். டோர்ச் அடித்துப் பார்த்தேன். இடது பக்கம் புதுச் சிவப்பு. துப்பச் சொன்னால் எச்சிலோடு இரத்தம். 1990க்கு அழைத்தேன். அம்புலன்ஸ் வருவதற்குள் சேருக்கு இரண்டு வரி அனுப்பினேன். ஒப்பீடு எந்த வரியில் நிற்கிறது என்பதும் அதில் இருந்தது.

போய்ச் சேரும்போது நின்றிருந்தது. ஆனாலும் ஓர் இரவு வைத்துப் பார்த்தார்கள். நான் மடிக்கணினியைக் கொண்டுபோகவில்லை. செவ்வாயும் புதனும் கையிருப்பிலிருந்த அனுவலில் கழிந்தன. வியாழன் காலை எட்டரைக்கு விட்ட வரியிலிருந்து தொடங்கினேன்.

பிள்ளையின் ஒப்பரேசனுக்கு லீவு எழுதப்போகிறவர்கள் திகதி கேட்கும்போதே எத்தனையாவது நாள் பயம் என்றும் கேட்டுவிடுங்கள். வைத்தியசாலையிலிருந்து வேலை செய்வதாகச் சொல்லும் முன், அந்தக் கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் ஒரு தரம் உட்கார்ந்து பாருங்கள். மகள் இப்போது குறட்டை விடுவதில்லை. என் லீவு ஏட்டில் கெசுவல் ஒன்றும் இல்லை, அனுவல் இரண்டு இருக்கிறது.