இல்லாத ரத்தக்கட்டி எங்கிருந்து வந்தது?

ஞாயிறு இரவு பத்து மணிக்குச் சின்னம்மாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் வந்தன. பின்னாலேயே ஒரு குரல் பதிவு. "பிள்ளை, பக்கத்து வீட்டுப் பெடியன் வாசிச்சுப் பாத்தவன். நுரையீரலிலை ரத்தக்கட்டி எண்டு போட்டிருக்காம். ஆஸ்பத்திரியிலை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

சின்னம்மா இருப்பது ஜெர்மனியின் ஹாம் நகரில். நான் பெர்லினில், ஒரு பார்மசியில் பன்னிரண்டு வருடமாக வேலை செய்கிறேன். அவர் வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு வந்திருந்தார். படத்தில் இருந்தது ஆஸ்பத்திரி கொடுத்துவிட்ட எண்ட்லாஸ்ப்ரீஃப், நாம் டிஸ்சார்ஜ் சம்மரி என்று சொல்லும் தாள். சமையல் மேசையில், மஞ்சள் விளக்கில், மடிப்பு நடுவே கறுப்புக் கோடாக விழ எடுத்த படம்.

அந்தப் பையனைக் குறை சொல்ல முடியாது. பதினாறு வயது, ஜெர்மன் அவனுக்குத் தாய்மொழி மாதிரி. தாளில் அந்தச் சொல் உண்மையாகவே இருந்தது, அதுவும் இரண்டு இடத்தில். ஆனால் இந்தத் தாளை எழுதியவர்கள் சின்னம்மாவுக்காக எழுதவில்லை. அது ஆஸ்பத்திரி மருத்துவர் குடும்ப மருத்துவருக்கு எழுதும் கடிதம். மதிப்புக்குரிய சக மருத்துவரே என்றுதான் தொடங்கும். சுருக்கெழுத்துகள் எல்லாம் அவர்களுக்குள் பேசிக்கொள்வது.

கட்டி எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கித் தேடத் தொடங்கினேன்.

முதல் பக்கத்தின் மேலே நோய்களைத் தனியாக எழுதியிருந்தார்கள். வலது நுரையீரலில் நிமோனியா. இரண்டாம் வகை நீரிழிவு. உயர் ரத்த அழுத்தம். பிறகு, பித்தப்பை எடுத்த பின்னான நிலை, 2011. அந்தப் 'பின்னான நிலை' என்பதை ஜெர்மன்காரர்கள் இரண்டு எழுத்தில் சுருக்கிவிடுவார்கள். அதைக் கவனிக்காமல் விட்டால் பழைய கதை இன்றைய நோயாகிவிடும். கட்டியைப் பற்றி இந்தப் பகுதியில் ஒரு சொல்லும் இல்லை.

கட்டி இருந்தது கீழே, ஏன் சேர்த்தார்கள் என்று சொல்லும் பத்தியில். அங்கும் அதற்கு முன்னால் இரண்டு எழுத்துகள் நின்றன. 'ஃபெர்டாஹ்ட் அவுஃப்' என்பதன் சுருக்கம் அது. இன்னது என்ற சந்தேகம் என்று பொருள். இரண்டாவது முறை ஸ்கேன் முடிவில் வந்தது, 'கைன் நாஹ்வைஸ்' என்ற சொற்களோடு. அப்படி ஒன்று காணப்படவில்லை என்று அர்த்தம். பையன் கண்ணுக்குப் பெரிய சொல் பட்டிருக்கிறது, அதற்கு முன்னால் நின்ற சின்னச் சொற்கள் படவில்லை.

அப்படியானால் சந்தேகப்பட்டவர் யார்? திங்கள் காலை சின்னம்மாவையும் இணைப்பில் வைத்துக்கொண்டு குடும்ப மருத்துவரின் கிளினிக்குக்குப் போன் போட்டேன். நோயாளியின் சம்மதம் இல்லாமல் அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். சின்னம்மா தன் ஜெர்மனில் "யா, யா" என்றதும் உதவியாளர் குறிப்பைப் பார்த்துச் சொன்னார். மூச்சு இழுக்கும்போது நெஞ்சில் குத்து, இடது கெண்டைக்காலில் வீக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பிப் பத்து நாள். நீண்ட விமானப் பயணம், கால் வீக்கம், மூச்சுக் குத்து மூன்றும் சேர்ந்தால் எந்த மருத்துவரும் காலிலிருந்து கட்டி ஏறியிருக்குமோ என்றுதான் நினைப்பார். குடும்ப மருத்துவர் அனுப்பிய படிவத்தில் அப்படியே எழுதினார். ஆஸ்பத்திரி அதைத் தன் கடிதத்தில் எடுத்து எழுதியது. அங்கிருந்து பையனின் வாய்க்கு வந்தது.

"இல்லாத வருத்தத்தை ஏன் எழுதி வைச்சிருக்கினம்?" என்றார் சின்னம்மா. அது இல்லை என்று பார்த்துவிட்டோம் என அடுத்த மருத்துவருக்குச் சொல்லத்தான் என்றேன். அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை.

கட்டி போய்விட்டது, ஆனால் அது விட்டுப்போன ஒன்று இரண்டாவது படத்தில் இருந்தது. மருந்துப் பட்டியல். மெட்ஃபார்மின் 1000 மி.கி., 1-0-1-0. இங்கே நான்கு எண் எழுதுவார்கள். காலை, மதியம், மாலை, கடைசியாகப் படுக்கைக்குப் போகும் நேரம். அடுத்த வரியில் ராமிப்ரில் 25 மி.கி. என்று தெரிந்தது. ராமிப்ரிலில் 25 மி.கி. மாத்திரை கிடையாது. ஒரு நாளுக்கு அதிகபட்சமே 10 மி.கி.தான். ஜெர்மனியில் தசமத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள், காற்புள்ளி வைப்பார்கள். 2,5 என்பதில் இருந்த அந்தக் காற்புள்ளியை மடிப்புக் கோடு விழுங்கியிருந்தது. இந்த இடத்தில் எனக்கு மருந்து தெரிந்ததால் தப்பினேன். தெரியாத மருந்தாக இருந்தால் கேள்விக்குறி போட்டு வேறு படம் கேட்டிருப்பேன், ஊகித்து எழுதமாட்டேன்.

அதைவிட என்னை உறுத்தியது, நிமோனியாவுக்கு வந்தவரின் பட்டியலில் ஆன்டிபயாட்டிக் இல்லாதது. படத்தின் மேல்விளிம்பில் பட்டியலின் தலைப்பு வெட்டுப்பட்டிருந்தது. அடியில் சின்ன எழுத்தில் 'மூன்றில் இரண்டாம் பக்கம்'. எனக்கு வந்தது இரண்டு படம்தான்.

"சின்னம்மா, இன்னொரு தாள் இருக்கோ?"

"ஓம், அதிலை மேலே கொஞ்சம்தான் எழுதியிருக்கு. தேவையில்லை எண்டு விட்டுட்டன்."

மூன்றாம் பக்கம் பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் எடுத்து வந்தது. அதில்தான் வீட்டுக்குப் போகும்போது எடுக்க வேண்டிய மருந்துகள் இருந்தன. இரண்டாம் பக்கத்துப் பட்டியல் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது எடுத்துக்கொண்டிருந்தவை. புதிய பட்டியலில் ஆன்டிபயாட்டிக் முடியும் தேதியோடு இருந்தது, ராமிப்ரில் 2,5 இருந்தது, மெட்ஃபார்மின் இல்லை. அதன் கீழே, மேற்கொண்டு செய்ய வேண்டியவை பகுதியில் ஒரு வரி: மெட்ஃபார்மின் நிறுத்திவைப்பு, 'ரெடென்ட்சியோன்ஸ்வெர்ட்டெ' பார்த்துச் சீராக இருந்தால் மறுபடி தொடங்கலாம். உடலில் தேங்கும் அளவுகள் என்று சொல்லுக்குச் சொல் வரும். அவர்கள் சொல்வது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினினும் யூரியாவும்.

இப்போது கதை முழுதாகப் புரிந்தது. கட்டி என்ற சந்தேகத்தால் ஸ்கேன் எடுத்தார்கள். அதற்கு அயோடின் கலந்த மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள். அது சிறுநீரகத்தைச் சோர்வாக்கக்கூடும். மெட்ஃபார்மின் வெளியேறுவதும் அதே சிறுநீரகம் வழியாகத்தான். அது தேங்கினால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடலாம். அதனால்தான் குறைந்தது 48 மணி நேரம் நிறுத்தி, ரத்தம் பார்த்த பிறகே தொடங்கச் சொல்கிறார்கள். சின்னம்மாவின் அளவு 48 மணி நேரத்துக்குப் பிறகும் கொஞ்சம் கூடுதலாக இருந்ததால் முடிவைக் குடும்ப மருத்துவரிடம் விட்டிருந்தார்கள்.

"நீங்கள் இப்ப அந்தக் குளிசை எடுக்கிறீங்களோ?"

"எடுக்கிறன். பிரிட்ஜிலை ஒட்டியிருக்கிற பேப்பரிலை காலைமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு எண்டுதானே கிடக்கு."

குறைந்தது மூன்று மருந்து தொடர்ந்து எடுப்பவர்களுக்கு 2016 அக்டோபரிலிருந்து ஜெர்மனியில் கொடுக்கும் பொது மருந்து அட்டவணை அது. ஒவ்வொரு மருந்தும் எதற்கு என்றுகூட அதில் ஒரு கட்டம் இருக்கும். நல்ல தாள்தான், ஆனால் பிரிட்ஜில் இருந்தது போன வருடத்தினது.

உதவியாளரை மறுபடி அழைத்தேன். மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார், அடுத்த நாள் காலை ரத்தம் எடுக்க நேரம் கொடுத்தார். அன்று இரவு தமிழில் மூன்று தாள் எழுதி அனுப்பினேன். ஒன்றில் நோய்கள் மட்டும். சந்தேகப்பட்டு இல்லை என்றானதை அதன் அடியில், கோடு போட்டுத் தனியே வைத்தேன். இரண்டாவதில் எங்கே, எப்போது போவது: சிறுநீரக ரத்தப் பரிசோதனை, ஆறு வாரத்தில் நெஞ்சுக்கு எக்ஸ்ரே. மூன்றாவதில் இன்று எடுக்க வேண்டிய மருந்துகள். மெட்ஃபார்மினை அதில் நான் எழுதவேயில்லை. நிறுத்தியது என்று குறித்து எழுதினாலும் அவர் பெயரைப் பார்த்ததும் எடுத்துவிடுவார், எனக்குத் தெரியும். அது இரண்டாம் தாளுக்குப் போனது, ரத்தம் பார்த்த பிறகு மருத்துவரிடம் கேட்க வேண்டியதாக.

புதன்கிழமை சின்னம்மா அழைத்தார். அளவு சரியாகிவிட்டதாம், மாலையிலிருந்து குளிசை தொடங்கச் சொல்லிப் புது அட்டவணையும் அச்சடித்துக் கொடுத்தார்களாம். பழையதை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"கிழிச்சுப் போட்டன் பிள்ளை. நீ எழுதின முதல் தாளைத்தான் அந்தப் பெடியனுக்குக் காட்டினனான். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதாம்."